45% போனஸ் இருந்தும் பிரீமியம் ஏன் பாதியாகவில்லை? கார் இன்சூரன்ஸ் கணக்கை வரிவரியாகப் போட்டுப் பார்ப்போம்

கார் வாங்கி நான்கு வருடம் ஆகிவிட்டது, ஒரு தடவைகூட க்ளெய்ம் போடவில்லை, ரினியூவல் மெசேஜில் "45% நோ க்ளெய்ம் போனஸ்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் கட்ட வேண்டிய தொகையைப் பார்த்தால் போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஏமாற்றுகிறார்களோ என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. அந்த 45% எந்தத் தொகையில் கழிகிறது என்பதை மெசேஜில் சொல்வதில்லை, அவ்வளவுதான். அதை ஒரு தடவை பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டால் கூடுதல் காசுக்கு எடுக்கும் ஆட்ஆன்களில் எது வேண்டும், எந்தச் சின்ன அடிக்கு க்ளெய்ம் போடக் கூடாது என்பதெல்லாம் தானாகவே பிடிபட்டுவிடும்.

முதலில் போன வருடப் பாலிசியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பிரீமியம் கணக்கு இருக்கும் பக்கத்துக்கு ஷெட்யூல் என்று பெயர். இடப்பக்கம் ஓன் டேமேஜ், அதாவது உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியம். வலப்பக்கம் லயபிலிட்டி, அதாவது உங்கள் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. சில கம்பெனிகள் மேலும் கீழுமாகப் போடுவார்கள். எப்படிப் போட்டாலும் இரண்டு பகுதி இருக்கும். நோ க்ளெய்ம் போனஸ் முதல் பகுதிக்கு மட்டும்தான். இரண்டாவது பகுதியில் நீங்கள் இருபது வருடம் கீறல் விழாமல் ஓட்டியிருந்தாலும் ஒரு ரூபாய் குறையாது.

சரி, ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 1197 சிசி பெட்ரோல் கார், அதே மாடலின் இன்றைய எக்ஸ் ஷோரூம் விலை 8 லட்சம், பதிவு பெருநகரத்தில் இல்லை, நான்கு வருடம் முடிந்து ரினியூவல். முதல் படி ஐடிவி. கார் திருடுபோனாலோ மொத்தமாக நொறுங்கினாலோ கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை இது. புது விலையிலிருந்து வயதுக்கு ஏற்றபடி கழிப்பார்கள்: இரண்டு வருடம் வரை 20%, மூன்று வரை 30%, நான்கு வரை 40%, ஐந்து வரை 50%. ஐந்துக்கு மேல் போனால் நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. நம் காருக்கு 40% கழித்தால் 4,80,000 ரூபாய்.

அடுத்தது ஓன் டேமேஜ் பிரீமியம். இதற்கு ஒரு பழைய அரசாங்கக் கட்டண அட்டவணை இருந்தது. 2007-லிருந்து கம்பெனிகள் தாங்களே விலை வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது, ஆனாலும் பழைய அட்டவணையின் சதவீதத்தைப் போட்டுவிட்டு அதில் தள்ளுபடி கொடுப்பதுபோல் காட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 1000 முதல் 1500 சிசி வரை, ஐந்து வயதுக்குள், பெருநகரம் அல்லாத பதிவுக்கு அந்தச் சதவீதம் 3.191. 4,80,000-த்தில் 15,317 ரூபாய் வருகிறது. நம் கம்பெனி இதில் 60% தள்ளுபடி தருகிறது என்று வைத்துக்கொள்வோம் (இது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும்), மிச்சம் 6,127. போனஸ் இந்த 6,127-ல்தான் கழிகிறது. 15,317-லும் இல்லை, மொத்த பில்லிலும் இல்லை.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு கம்பெனி 60% தள்ளுபடியும் 45% போனஸும் தரும், இன்னொன்று 40% தள்ளுபடியும் அதே 45% போனஸும் தரும், இரண்டு விளம்பரத்திலும் "45% போனஸ்" என்றுதான் இருக்கும். போனஸ் விகிதம் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றே: க்ளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்குப் பிறகு 20%, அப்புறம் 25, 35, 45, ஐந்து வருடம் முடிந்ததும் 50. அதற்கு மேல் ஏறாது. ஆகவே போனஸைக் காட்டி யாராவது தங்கள் பாலிசி மலிவு என்றால், அந்தப் போனஸ் அவர்கள் தந்தது இல்லை, நீங்கள் ஒழுங்காக ஓட்டிச் சம்பாதித்தது. ஒப்பிட வேண்டியது அதற்கு முன்னால் இருக்கும் எண்ணை.

இனி ஆட்ஆன். மாற்றும் பாகங்களின் விலையில் தேய்மானம் பிடிக்காமலிருக்க ஸீரோ டெப், இன்ஜின் சேதத்துக்கு இன்ஜின் ப்ரொடெக்ட், ஆயில், நட்டு, போல்ட் மாதிரிச் சில்லறைச் செலவுக்கு கன்ஸ்யூமபிள்ஸ் என மூன்று எடுத்திருக்கிறோம். இவற்றை ஐடிவியில் இவ்வளவு சதவீதம் என்று போடுவார்கள், நம் உதாரணத்தில் முறையே 2,400, 720, 480 ரூபாய். ஆட்ஆன் தொகை பெரும்பாலும் போனஸ் கழித்த பிறகுதான் சேர்கிறது, அதாவது அதில் 45% குறையாது. உங்கள் ஷெட்யூலில் போனஸ் வரி ஆட்ஆனுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

அப்புறம் தேர்ட் பார்ட்டி, அதாவது முதலில் பார்த்த லயபிலிட்டி பகுதி. இதை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கிறது, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே தொகை. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி 1000 சிசி வரையிலான சொந்தக் காருக்கு 2,094, 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897 ரூபாய். நம் காருக்கு 3,416. கூடவே ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, உதாரணத்துக்கு 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கட்டாயம், ஆனால் ஏற்கனவே வேறு பாலிசியில் உங்களுக்கு 15 லட்சத்துக்குக் குறையாத விபத்துக் காப்பீடு இருந்தால் அதைத் தெரிவித்துவிட்டு இங்கே விட்டுவிடலாம். வீட்டில் இரண்டு கார் ஒரே பெயரில் இருக்கிறவர்கள் இரண்டு பாலிசியிலும் இதைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக வரி. மேலே வந்த எல்லாவற்றையும் கூட்டி, அதன் மேல் 18% ஜிஎஸ்டி. நம் கணக்கு இப்படி வந்து நிற்கும்:

```
ஓன் டேமேஜ் (தள்ளுபடிக்குப் பின்)     6,127
45% போனஸ்                        - 2,757
மிச்சம்                             3,370
ஆட்ஆன் மூன்றும்                      3,600
தேர்ட் பார்ட்டி                       3,416
விபத்துக் காப்பீடு                      350
கூட்டல்                            10,736
18% ஜிஎஸ்டி                        1,932
கட்ட வேண்டியது                     12,668
```

போனஸே இல்லாமல் போட்டால் 15,922 வரும். ஆக 45% என்று பெயர் வாங்கிய போனஸ் உங்கள் பாக்கெட்டில் போடுவது 3,254 ரூபாய், மொத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. பாதி எங்கே போயிற்று என்று கேட்டால், மொத்தத் தொகையில் பெரும்பகுதி போனஸ் தொடாத இடத்தில் இருக்கிறது. கார் பழசாக ஆக ஐடிவி இறங்கும், ஓன் டேமேஜும் சேர்ந்து இறங்கும், ஆனால் தேர்ட் பார்ட்டி அப்படியே நிற்கும். அதனால் வயதான காருக்கு 50% போனஸ் இருந்தாலும் பில் ஒரு அளவுக்குக் கீழே போகாது.

இப்போது உண்மையில் பணம் புழங்கும் கேள்விக்கு வருவோம். பின்பக்க பம்பர் உடைந்துவிட்டது, சர்வீஸ் சென்டரில் 6,500 ரூபாய் எஸ்டிமேட். "இன்சூரன்ஸ் இருக்கே சார், க்ளெய்ம் போட்டுடலாம்" என்று அட்வைசர் சொல்வார். அவருக்கு வேலை நடந்தால் சரி. நீங்கள் போட வேண்டிய கணக்கு வேறு.

ஒரு க்ளெய்ம் போட்டால் போனஸ் ஒரு படி இறங்குவதில்லை, அடுத்த ரினியூவலில் நேராக ஸீரோவுக்கு வந்து, மறுபடி 20-லிருந்து ஏற வேண்டும். நீங்கள் 45-ல் ஏறி நிற்க வேண்டிய வருடத்தில் ஸீரோ, 50-ல் இருக்க வேண்டிய அடுத்த வருடத்தில் 20, அப்புறம் 25, 35, 45. ஐந்து வருடம் வித்தியாசம் தொடர்கிறது. ஓன் டேமேஜ் தொகை 6,127-லிருந்து வருடாவருடம் 5,500, 5,000, 4,500, 4,100 என்று குறைந்துகொண்டே போகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் இழப்பு முதல் வருடம் 2,757, அடுத்து 1,650, 1,250, 675, 205. கூட்டினால் 6,537, ஜிஎஸ்டியோடு சுமார் 7,700 ரூபாய். இதோடு க்ளெய்மில் கம்பல்சரி டிடக்டிபிள் என்று 1500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய் நீங்கள்தான் போட வேண்டும். எனவே 6,500 ரூபாய் பம்பருக்கு க்ளெய்மில் உங்களுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 5,500, போவது 7,700. கையிலிருந்து கட்டிவிட்டுப் போவது நல்லது. எஸ்டிமேட் 25,000 என்றால் யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். நடுவில் ஒன்பது பத்தாயிரத்துக்கு வரும் அடிதான் தலைவலி. ஒரு வருடத்தில் காரை விற்கப்போகிறீர்கள், அடுத்து கார் வாங்கும் எண்ணமும் இல்லை என்றால் பின்னால் வரும் வருடங்களின் இழப்பு உங்களுடையது இல்லை, க்ளெய்ம் பக்கம் சாயலாம்.

இதில் இன்னொரு விஷயம். அந்தப் பாலிசி வருடத்தில் ஏற்கனவே ஒரு பெரிய க்ளெய்ம் போட்டுவிட்டீர்கள் என்றால் போனஸ் போயாயிற்று, இரண்டாவது சின்ன அடிக்குப் போனஸைக் காரணம் காட்டித் தயங்குவதில் அர்த்தமில்லை. ஆனால் ஸீரோ டெப் ஆட்ஆனில் வருடத்துக்கு இத்தனை க்ளெய்ம்தான் என்று வரம்பு வைத்திருக்கும் பாலிசிகள் உண்டு, அதை மட்டும் படித்துவிடுங்கள். முன் கண்ணாடி மட்டும் மாற்றினாலும் அது க்ளெய்ம்தான். "கண்ணாடிக்குப் போனஸ் போகாது" என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால் பாலிசியில் எந்த வரியில் அப்படி இருக்கிறது என்று கேளுங்கள். க்ளெய்ம் பதிவு செய்துவிட்டு மனம் மாறிச் சொந்தக் காசில் சரிசெய்துகொண்டவர்கள், அந்த க்ளெய்ம் திரும்பப் பெறப்பட்டது என்று மெயிலில் ஒரு உறுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சிஸ்டத்தில் நிலுவையாக நின்று, ரினியூவல் சமயத்தில் போனஸ் ஸீரோ என்று காட்டும்.

ஆட்ஆன்களில் எது வேண்டும் என்பதையும் இதே மாதிரி பாகங்களோடு சேர்த்து யோசித்தால் எளிது. சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர், ஏர்பேக் எல்லாவற்றுக்கும் விலையில் பாதிதான் தருவார்கள், இரும்புப் பாகங்களுக்கு மூன்று நான்கு வயதுக் காரில் 25% பிடிப்பார்கள், கண்ணாடிக்கு மட்டும் பிடித்தம் இல்லை. இப்போது வரும் கார்களின் முன்பக்கம் முழுக்க பிளாஸ்டிக். பம்பர், கிரில், ஹெட்லைட் மூன்றும் சேர்ந்து 30,000 என்றால் ஸீரோ டெப் இல்லாதவர் கைக்குச் சுமார் 15,000 வரும். நம் காருக்கு ஸீரோ டெப் வரியோடு வருடம் 2,832 ரூபாய். கார் ஐந்து வயதுக்குள் இருக்கும்வரை நான் இதை விடமாட்டேன். அதற்கு மேல் போனால் விலை ஏறும், சில கம்பெனிகள் தரவே மாட்டார்கள், அப்போது மறுபடி கணக்குப் போட வேண்டியதுதான்.

இன்ஜின் ப்ரொடெக்ட் உங்கள் தெருவைப் பொறுத்தது. மழை நாளில் தண்ணீர் நிற்கும் இடத்தில் நிறுத்துகிறவர், சுரங்கப்பாதை வழியாகத் தினமும் போகிறவர் எடுக்கலாம். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ய முயன்று சிலிண்டருக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்தால் அதைச் சாதாரணப் பாலிசி ஏற்காது, வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் இல்லை, அதன் பின்விளைவு என்பார்கள். மேட்டுப்பாங்கான இடத்தில் மூடிய ஷெட்டில் நிறுத்துகிறவருக்கு அந்த 720 ரூபாய் அவசியமில்லை. (ஆட்ஆன் இருந்தாலும் தண்ணீரில் மூழ்கிய காரின் சாவியைத் திருகாதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள்.)

நோ க்ளெய்ம் போனஸைக் காப்பாற்ற என்சிபி ப்ரொடெக்ட் என்று ஒன்று விற்பார்கள், க்ளெய்ம் போட்டாலும் போனஸ் இறங்காது. இதற்குக் கேட்கும் தொகையை நாம் மேலே பார்த்த 7,700-ஓடு வைத்துப் பாருங்கள். வருடம் 600, 700 ரூபாய் கட்டி, பத்து வருடத்துக்கு ஒரு தடவை க்ளெய்ம் போடுகிறவருக்குக் கிட்டத்தட்ட வரவுக்கும் செலவுக்கும் சரி. நகர நெரிசலில் தினம் ஓட்டுகிறவருக்கும் புதிதாக ஓட்டப் பழகிய பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும் இது பயன்படும். இதிலும் எத்தனை க்ளெய்ம் வரை என்ற வரம்பு உண்டு, கேட்டு வாங்குங்கள்.

பிரீமியத்தைக் குறைக்க ஆன்லைனில் எல்லாரும் முதலில் கைவைப்பது ஐடிவி. ஸ்லைடரை இழுத்தால் தொகை குறைகிறது, சந்தோஷமாக இருக்கிறது. நம் காரில் ஐடிவியை 4,80,000-லிருந்து 4,30,000-க்கு இறக்கினால் ஓன் டேமேஜ், ஆட்ஆன், வரி எல்லாம் சேர்ந்து மிச்சமாவது ஏறக்குறைய 850 ரூபாய். கார் திருடுபோனால் நீங்கள் இழப்பது 50,000. இரண்டு கோட்டேஷனை ஒப்பிடும்போது ஒன்று மலிவாகத் தெரிந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: ஐடிவி சமமா, அதே ஆட்ஆன்கள் இருக்கின்றனவா, போனஸ் விகிதம் சரியா. மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அது ஒப்பீடு. வாலன்டரி டிடக்டிபிள் என்ற கட்டமும் ஏற்கனவே டிக் ஆகியிருக்கலாம், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் கட்டாய 1,000-த்துக்கு மேல் இன்னும் 2,500, 5,000 நீங்களே போடுவதாக ஒத்துக்கொண்டு சின்னத் தள்ளுபடி வாங்குவது. தெரிந்து செய்தால் தப்பில்லை.

கம்பெனி மாறினால் போனஸ் போய்விடுமா என்று பயப்பட வேண்டாம், கூடவே வரும். ஆனால் ஆன்லைனில் "போன வருடம் க்ளெய்ம் போட்டீர்களா?" என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். க்ளெய்ம் போட்டுவிட்டு "இல்லை" என்று டிக் செய்து 45% வாங்கிக்கொண்டால் பாலிசி உடனே வந்துவிடும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்பது நீங்கள் க்ளெய்ம் போடும் அன்றைக்கு. பழைய கம்பெனியில் விசாரித்து, தவறான தகவல் என்று சொல்லி ஓன் டேமேஜ் க்ளெய்மை மறுக்கலாம். மூவாயிரம் ரூபாய்க்காக லட்ச ரூபாய் க்ளெய்மைப் பணயம் வைப்பதா? ஏஜென்ட் போட்டுக் கொடுத்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான், எனவே பாலிசி வந்ததும் போனஸ் வரியைப் பாருங்கள். தவறாக இருந்தால் அப்போதே எழுதிக் கொடுத்து, வித்தியாசத்தைக் கட்டித் திருத்திக்கொள்ளலாம்.

தேதியும் முக்கியம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் ரினியூ செய்யாவிட்டால் சேர்த்த போனஸ் மொத்தமும் போய்விடும். அந்த 90 நாள் போனஸைக் காப்பாற்றத்தான், காப்பீடு அந்த நாட்களில் கிடையாது. முடிந்த மறுநாளே காரை எடுத்து யார் மீதாவது மோதினால் இழப்பீடு உங்கள் தலையில். பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒருநாள் தவறினாலும் பெரும்பாலும் காரை நேரில் பார்த்தோ வீடியோ எடுக்கச் சொல்லியோதான் மறுபடி பாலிசி தருவார்கள்.

கடைசியாக, போனஸ் காருக்கு இல்லை, உரிமையாளருக்கு. பழைய கார் வாங்குகிறவர் விற்றவரின் 50%-ஐ அனுபவிக்க முடியாது. விற்கிறவர் அதைத் தன்னோடு எடுத்துப் போகலாம், அதற்குப் பழைய கம்பெனியிடமிருந்து போனஸ் தக்கவைப்புக் கடிதம் வாங்க வேண்டும், மூன்று வருடத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். என் மச்சான் பழைய காரை ஷோரூமிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுத்தார். கையில் 50% போனஸ் இருந்தது, ஷோரூமில் யாரும் கேட்கவில்லை, இவருக்கும் சொல்லத் தெரியவில்லை. 10 லட்ச ரூபாய்ப் புதுக் காருக்கு 5% மட்டும் கழித்து ஐடிவி 9,50,000, அதில் 3.191% என்றால் 30,315, முப்பது சதவீதத் தள்ளுபடி என்று வைத்தாலும் 21,220. அதில் பாதி 10,610, வரியோடு 12,520 ரூபாய். நான்கு வருடக் காரில் மூவாயிரமாக இருந்த போனஸ் புதுக் காரில் பன்னிரண்டாயிரம் ஆகிறது, ஏனென்றால் ஐடிவி அங்கேதான் உச்சத்தில் இருக்கிறது, நாம் வைத்த தள்ளுபடியும் குறைவு. டெலிவரிக்கு இரண்டு நாள் முன்னால் நான் கேட்டதால், பழைய கார் பெயர் மாறியதற்கான பேப்பரையும் பழைய பாலிசியையும் மெயில் செய்து கடிதத்தை வாங்கிக் கொடுத்தார்; ஷோரூமில் முகத்தைச் சுளித்துக்கொண்டே கோட்டேஷனை மாற்றிப் போட்டார்கள்.